மரபுவழி என்னும் ஒரு சொல்: பெங்களூருவிலிருந்து ஜெனீவா வரை

ஐக்கிய நாடுகள் அவை தோன்றிய மறு ஆண்டிலேயே, 1946 ஜூன் மாதத்தில், தென்னாப்பிரிக்காவின் மீது இந்தியா ஒரு முறையீட்டை அளித்தது. அந்நாட்டில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் தடை விதித்த சட்டங்களே முறையீட்டின் பொருள். அது தங்கள் உள்நாட்டு விவகாரம், ஐ.நா. சாசனத்தின் 2ஆம் உறுப்பு 7ஆம் பத்தியின்படி வெளியார் தலையிட முடியாது என்று தென்னாப்பிரிக்கா வாதிட்டது. மனித மாண்பு சார்ந்த கேள்விக்கு எல்லைக்கோடு கிடையாது என்பது விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் சென்ற இந்தியக் குழுவின் மறுமொழி. அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் பொதுப்பேரவை இந்தியாவின் பக்கம் தீர்மானம் நிறைவேற்றியது. ஓர் அரசை அதன் எல்லைக்கு வெளியிலிருந்து, பன்னாட்டு நெறிகளைக் காட்டி நெருக்குவது எப்படி என்பதற்கு அந்த மன்றத்தின் முதல் பாடங்களுள் ஒன்றை எழுதியது விடுதலைக்கு முந்தைய இந்தியாதான்.

அதே ஆண்டு ஜூலையில் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.விடம் அளித்த மனுவைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதன் படியைக் கேட்டு எழுதிய கடிதம் அது. தீண்டப்படாத மக்களும் அதே வழியைப் பின்பற்றலாமா என்ற எண்ணம் அதில் வெளிப்படையாகவே இருந்தது. டு பாய்ஸ் அம்மாத இறுதியில் பரிவுடன் விடையளித்தார். அந்த மனு இறுதியில் எழுதப்படவில்லை. அரசியல் நிர்ணய சபை கூடிவிட்டது. அம்பேத்கரின் உழைப்பு அரசியலமைப்பின் பக்கம் திரும்பியது. ஆயினும் தலித் மக்களின் குறையை ஐ.நா. வரை கொண்டுசெல்லலாம் என்ற எண்ணம் 1990களில் தன்னார்வ அமைப்புகள் இறக்குமதி செய்த சரக்கு அன்று என்பதற்கு அக்கடிதம் போதிய சான்று.

இந்த வரலாற்றின் அச்சு ஒரே ஒரு சொல். அனைத்து வகை இனப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையை ஐ.நா. பொதுப்பேரவை 1965 டிசம்பர் 21 அன்று ஏற்றது. அதன் முதல் உறுப்பு, இனப் பாகுபாடு என்றால் என்ன என்பதை வரையறுக்கிறது. இனம், நிறம், மரபுவழி, தேசிய மூலம் அல்லது இனக்குழு மூலம் ஆகியவற்றின் அடிப்படையில் செய்யப்படும் வேறுபடுத்தல், விலக்கல், கட்டுப்படுத்தல், முன்னுரிமை அளித்தல் ஆகியவை அவ்வரையறைக்குள் வருகின்றன. இங்கே 'மரபுவழி' என்று தமிழாக்கப்பட்டிருப்பது 'டிசென்ட்' என்ற ஆங்கிலச் சொல். ஒருவர் யாருடைய வழியில் தோன்றினார் என்பதைக் குறிப்பது அது. வரைவின் தொடக்க வடிவத்தில் அச்சொல் இல்லை. மூன்றாம் குழுவில் நடந்த விவாதத்தின்போது இந்தியா முன்வைத்த திருத்தத்தின் வழியாகவே அது உள்ளே வந்தது.

இந்தியா ஏன் அச்சொல்லைச் சேர்த்தது என்பதை விவாதப் பதிவுகள் தெளிவாகச் சொல்லவில்லை. இந்திய அரசியலமைப்பின் 16ஆம் உறுப்பு 2ஆம் பிரிவில் சமயம், இனம், சாதி, பால், மரபுவழி, பிறப்பிடம், வசிப்பிடம் என்று ஒரு பட்டியல் உண்டு. அப்பட்டியலைக் கையோடு கொண்டுபோன பிரதிநிதிகள் அதிலிருந்து ஒரு சொல்லை எடுத்துத் தந்திருக்கலாம் என்று உய்த்துணர இடமிருக்கிறது. பின்தங்கிய பிரிவினருக்கான சிறப்பு நடவடிக்கைகள் பாகுபாடாகக் கருதப்படக் கூடாது என்று பேசியபோது, இந்தியப் பிரதிநிதிகள் பட்டியல் சாதியினரையே எடுத்துக்காட்டாகச் சுட்டினர். இது நினைவில் வைக்க வேண்டிய செய்தி. சலுகையைக் காக்கும்போது உடன்படிக்கையின் எல்லைக்குள் இருந்த சாதி, குறையைக் கேட்கும்போது எல்லைக்கு வெளியே போய்விட்டது. இந்தியா இவ்வுடன்படிக்கையை 1968 டிசம்பர் 3 அன்று உறுதி செய்தது.

நாடு கடந்த பரப்புரை வலையமைப்புகளை ஆராய்ந்த மார்கரெட் கெக், கேத்ரின் சிக்கிங்க் ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட நூலில் 'பூமராங்' என்ற உருவகத்தை அறிமுகப்படுத்தினர். உள்நாட்டில் அரசின் கதவுகள் அடைபடும்போது ஒரு குழு வெளிநாட்டுக் கூட்டாளிகளை நாடுகிறது. அவர்கள் தம் அரசுகளையோ பன்னாட்டு அமைப்புகளையோ அசைக்கிறார்கள். அந்த அழுத்தம் சுற்றிக்கொண்டு முதல் அரசின் மீது வந்து விழுகிறது. எறிவதற்கு ஒரு கைப்பிடி வேண்டும் என்பதை இந்த உருவகத்தைக் கையாளும் மாணவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். அரசு தானே கையொப்பமிட்ட ஒரு வாசகம், அதைப் படித்துப் பொருள் சொல்ல அதிகாரமுள்ள ஓர் அமைப்பு, இவ்விரண்டும் இல்லாவிட்டால் துயரம் துயரமாகவே நின்றுவிடும். அது உரிமை மீறலாக மொழிபெயர்க்கப்படாது.

தலித் வழக்கில் அந்தக் கைப்பிடி கண்டெடுக்கப்பட நீண்ட காலம் ஆயிற்று. வழக்கறிஞர் பகவான் தாஸ் 1983 ஆகஸ்டில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைத் துணை ஆணையத்தின் முன் தீண்டாமை பற்றிச் சாட்சியம் அளித்தார். அதே காலத்தில் பெங்களூருவில் வி.டி. ராஜசேகர் 1981இல் தொடங்கிய 'தலித் வாய்ஸ்' ஆங்கில இதழ், தலித் மக்களை உலகக் கறுப்பின மக்களோடு ஒப்பிட்டு எழுதியது. தென்னாப்பிரிக்காவின் இனவொதுக்கலைக் குறிக்கும் சொல்லையே இந்தியாவுக்கும் பயன்படுத்தியது. அவ்விதழின் பிற கருத்துகள் பல கடுமையான கண்டனத்துக்கு உரியவை. அது ஒருபுறம் இருக்க, கறுப்பின அமெரிக்க வாசகர்களிடம் இந்திய சாதியைக் கொண்டுசேர்த்ததில் பெங்களூருவின் அந்தச் சிறு இதழுக்கு இடமுண்டு. ஆனால் அதன் வாதம் சாதியும் இனமும் ஒன்று என்பது. தீண்டப்படாதார் தனி இனத்தவர் என்ற கொள்கையை அம்பேத்கரே 1948இல் தம் நூலில் மறுத்திருந்தார். ஒப்புமை உணர்ச்சியைத் தூண்டும். ஒரு குழுவின் அறிக்கையில் பத்தியாக மாறுவதற்கு அது போதாது.

திருப்பம் 1996இல் வந்தது. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழுவில் பதினெட்டு தனிநிலை வல்லுநர்கள் உண்டு. உறுப்பு நாடுகள் குறித்த கால இடைவெளியில் அதற்கு அறிக்கை அளிக்க வேண்டும். இந்தியா பல அறிக்கைகளை ஒன்றாகச் சேர்த்து, பத்தாவது முதல் பதினான்காவது வரையிலானவை என்று ஒரே ஆவணமாக அளித்திருந்தது. 'மரபுவழி' என்ற சொல் உடன்படிக்கையில் இனத்தையே குறிக்கிறது, எனவே சாதி இதன் எல்லைக்குள் வராது என்பது அதன் நிலைப்பாடு. குழு இதை ஏற்கவில்லை. அச்சொல் இனத்தை மட்டுமே குறிப்பதன்று, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரின் நிலை உடன்படிக்கைக்கு உட்பட்டதே என்று தன் முடிவுரையில் பதிவு செய்தது.

வாதத்தின் இலக்கணத்தைக் கவனித்தால் அரசு நின்ற இடம் வலுவற்றது என்பது விளங்கும். வரையறையில் ஐந்து சொற்கள் வரிசையாக நிற்கின்றன. மூன்றாவது சொல்லின் பொருள் முதல் சொல்லின் பொருளே என்றால், மூன்றாவது சொல் எதற்கு? ஒரு சட்ட வாசகத்தில் எந்தச் சொல்லும் வீணாக நிற்பதில்லை என்பது பொருள்கோளின் பழைய விதி. மிகைபடக் கூறலைக் குற்றமாகக் கருதிய தமிழ் உரையாசிரியர்களுக்கும் இது புதிதன்று.

இச்சூழலில்தான் பெங்களூருவிலிருந்து வேறொரு வழி திறந்தது. சென்னையில் 1952இல் பிறந்த ரூத் மனோரமா, பெங்களூருவில் குடிசைவாழ் பெண்களையும் வீட்டு வேலைத் தொழிலாளர்களையும் அமைப்பாக்குவதில் ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்டவர். 'விமன்ஸ் வாய்ஸ்' அமைப்பு அவர் 1985இல் அந்நகரில் தொடங்கியது. 1995இல் பெய்ஜிங்கில் ஐ.நா. நான்காவது உலகப் பெண்கள் மாநாடு கூடவிருந்த வேளையில், தலித் பெண்கள் தேசியக் கூட்டமைப்பு அவர் தலைமையில் உருவாயிற்று. சாதி, வர்க்கம், பாலினம் என்ற மூன்றாலும் ஒடுக்கப்பட்டவர்கள் தலித் பெண்கள் என்பதும், பெண் இயக்கம் சாதியையும் தலித் இயக்கம் பெண்ணையும் காணத் தவறின என்பதும் அக்கூட்டமைப்பின் அடிப்படை வாதங்கள்.

இதன் விளைவு கோட்பாட்டளவில் முக்கியமானது. இனப் பாகுபாட்டுக் குழுவின் முன் சென்றால் முதல் கேள்வியே 'சாதி இனமா?' என்பது, நேரத்தின் பெரும்பகுதி வரையறையிலேயே கழியும். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையின் குழுவிடம் அந்தச் சுங்கச்சாவடி இல்லை. தலித் பெண் பெண்ணே என்பதை எந்த அரசு வழக்கறிஞரும் மறுக்க முடியாது. இந்தியா அவ்வுடன்படிக்கையை 1993இல் உறுதி செய்தது. அதன் முதல் அறிக்கை 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பரிசீலிக்கப்பட்டபோது, சாதியின் பேரால் பெண்கள் மீது நிகழும் வன்முறையும் தேவதாசி முறையும் குழுவின் கருத்துரையில் இடம்பெற்றன. சொற்போர் எதுவும் நேரவில்லை. இவ்வழி குறைவாகவே ஆராயப்பட்டிருப்பதற்குக் காரணம் அது அமைதியாக நடந்தேறியதுதான் போலும். ஆய்வாளர்களுக்கும் செய்தியாளர்களைப் போலவே சண்டை நடக்கும் இடத்தின் மீதுதான் கண்.

2000 மார்ச் 11ஆம் நாள், அன்றைய கோலார் மாவட்டம் சிந்தாமணி வட்டத்தைச் சேர்ந்த கம்பாலபள்ளி கிராமத்தில் தலித்துகள் ஏழு பேர் உயிரோடு எரித்துக் கொல்லப்பட்டனர். பெங்களூருவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய ஊர் அது. மென்பொருள் நகரம் என்று உலகம் அறியத் தொடங்கியிருந்த ஒரு நகரத்தின் அருகில் இது நிகழ்ந்தது. அதே மாதத்தில் பன்னாட்டு தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு தோன்றியது. இவ்விரண்டையும் காரண காரியமாகப் பிணைக்க முடியாது. வலையமைப்பின் ஏற்பாடுகள் முன்னரே நடந்துவந்தவை. மார்ட்டின் மக்வான், பால் திவாகர் முதலியோர் முன்னின்ற தலித் மனித உரிமைகளுக்கான தேசியப் பரப்புரை 1998 டிசம்பர் 10 அன்று தொடங்கியிருந்தது. தமிழ்நாடு, பீகார் முதலிய மாநிலங்களின் சாதி வன்முறையை ஆவணப்படுத்தி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை 1999இல் வந்திருந்தது. ஆனால் நெருக்குதலுக்கு எது உண்மையில் காத்திருந்தது என்பதைக் கம்பாலபள்ளி காட்டிற்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 முதலே நூலில் இருந்தது. குறை சட்டத்தில் இல்லை. புலன்விசாரணையிலும் சாட்சிகளின் பாதுகாப்பிலும் தீர்ப்பிலும் இருந்தது.

வலையமைப்பு செய்த சொல்லாட்சி நுட்பமானது. 2000 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமைத் துணை ஆணையம் 'தொழில் மற்றும் மரபுவழி அடிப்படையிலான பாகுபாடு' என்ற தலைப்பில் ஒரு தீர்மானத்தை ஏற்றது. அத்தலைப்பில் 'சாதி' இல்லை, 'இந்தியா' இல்லை. ஒரு நாட்டின் பெயரைச் சுட்டாத வாசகத்தை அந்த நாடு எதிர்ப்பது கடினம். அதோடு அத்தொடர் புதிய கூட்டாளிகளையும் கொண்டுவந்தது. தோல் பதனிடுதல், இறைச்சி வெட்டுதல் முதலிய தொழில்களோடு பிணைக்கப்பட்டு ஒதுக்கப்பட்ட ஜப்பானின் புராக்கு மக்கள் நிற வேறுபாடற்றவர்கள். மொழி வேறுபாடும் அற்றவர்கள். அவர்களுடைய இயக்கம் பன்னாட்டு மன்றங்களில் ஏற்கெனவே பழக்கப்பட்டது. 2001 மார்ச்சில் ஜப்பானின் அறிக்கையைப் பரிசீலித்த இனப் பாகுபாட்டுக் குழு, மரபுவழி என்பதற்குத் தனக்கேயுரிய பொருள் உண்டு, அதை இனத்தோடு குழப்பக் கூடாது என்று எழுதியது. ஜப்பான் அரசும் அதை ஏற்கவில்லை. இலங்கைச் சட்ட அறிஞர் குணசேகர துணை ஆணையத்துக்காக 2001இல் எழுதிய ஆய்வறிக்கை இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், ஜப்பான் ஆகிய நாடுகளோடு இலங்கையின் சிங்கள, தமிழ்ச் சமூகங்களின் சாதி அமைப்பையும் எடுத்துக்கொண்டது. இந்தியாவை மட்டும் குறிவைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அதன்பின் எளிதில் எடுபடவில்லை.

இத்தொடருக்கு ஒரு விலையும் உண்டு. 'தொழில் மற்றும் மரபுவழி' என்று சொன்னால் ஜெனீவாவில் விளங்கும்; சிந்தாமணியில் விளங்காது. பாதிக்கப்பட்டவர் தம் வாழ்வை விவரிக்கப் பயன்படுத்தும் சொல்லை விட்டுவிட்டு, ஆவணத்தில் நுழையக்கூடிய சொல்லைத் தேர்வதுதான் இத்தகைய வலையமைப்புகளின் அன்றாட வேலை. பூமராங் உருவகம் இந்த மொழிபெயர்ப்பு வேலையைப் போதுமான அளவு காட்டுவதில்லை.

2001 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு உலக மாநாடு இக்கதையில் மிகுதியும் பேசப்பட்ட காட்சி. செயல்திட்ட வரைவின் 73ஆம் பத்தி, தொழில், மரபுவழி ஆகியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்க அரசுகள் சட்ட, நிர்வாக நடவடிக்கைகள் எடுக்க வேண்டும் என்றது. இந்தியச் சட்டங்கள் முன்பே செய்திருந்ததைவிட அதில் கூடுதலாக ஒன்றும் இல்லை. ஆயினும் இந்திய அரசு அதை முழு வலிமையோடு எதிர்த்தது. அப்போதைய வெளியுறவு இணையமைச்சர் உமர் அப்துல்லா, சாதி அம்மாநாட்டில் பேசத்தக்க பொருளன்று என்று மேடையில் அறிவித்தார். இந்தியாவின் தேசிய மனித உரிமை ஆணையமோ, பாகுபாட்டுக்கு என்ன பெயரிடுவது என்பதைவிட அது தொடர்கிறதே என்பதுதான் கவலைக்குரியது என்ற கருத்தை அங்கேயே முன்வைத்தது. ஒரே நாட்டிலிருந்து இரண்டு குரல்கள். இறுதி ஆவணத்தில் 73ஆம் பத்தி இல்லை.

உள்நாட்டில் நடந்த விவாதத்தில் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயின் எதிர்ப்பைத் தனியே கருத வேண்டும். சாதியை இனமாக்குவது அறிவியல் கைவிட்ட இனக் கொள்கைக்கு மீண்டும் உயிர் கொடுப்பதாகும் என்று அவர் 2001 மார்ச்சில் நாளிதழில் எழுதினார். மாநாட்டுக்கான தேசியக் குழுவிலிருந்தும் விலகினார். அவருடைய கவலை நேர்மையானது. ஆனால் அது உடன்படிக்கை கேட்காத கேள்விக்கான விடை. அங்கே 'இனப் பாகுபாடு' என்பது ஒரு கலைச்சொல். ஐந்து அடிப்படைகளுக்கு இடப்பட்ட கூட்டுப் பெயர். அவற்றுள் 'இனம்' ஒன்று மட்டுமே. கூட்டுப் பெயரும் உறுப்பின் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்ததால் நேர்ந்த மயக்கம் இது. தமிழில் இம்மயக்கம் இன்னும் பெரியது. 'இனம்' என்ற சொல் ஒரே மூச்சில் மனித இனம், தமிழினம், ஆட்டினம் எல்லாவற்றையும் சுட்டும். 'சாதி இனமா?' என்ற தலைப்பில் அந்நாளில் தமிழில் நடந்த விவாதங்களில் பேசியவர்கள் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசினார்களா என்பதே ஐயத்துக்குரியது.

டர்பனில் தோற்ற வாசகம் ஓராண்டுக்குள் ஜெனீவாவில் வென்றது. அரசுகள் வாக்களிக்கும் மாநாட்டில் கிடைக்காதது, வல்லுநர்கள் பொருள் சொல்லும் குழுவில் கிடைத்தது. 2002 ஆகஸ்ட் 8, 9 ஆகிய நாள்களில் குழு மரபுவழிப் பாகுபாடு பற்றிச் சிறப்பு விவாதம் நடத்தியது. அதன் பயனாக வந்த 29ஆம் பொதுப் பரிந்துரை, சாதியும் அதையொத்த பிறப்புவழித் தகுதி முறைகளும் முதல் உறுப்பின் எல்லைக்குள் அடங்கும் என்று திட்டவட்டமாகக் கூறியது. சாதியின் பெயரைச் சொல்லியே கூறியது. இத்தகைய சமூகங்களின் பெண்கள் எதிர்கொள்ளும் பன்மடங்குப் பாகுபாட்டுக்கென அதில் தனிப் பகுதியும் உண்டு. பெய்ஜிங் காலம் முதல் தலித் பெண் அமைப்புகள் வலியுறுத்திவந்த வாதத்தை அப்பகுதியில் காணலாம்.

எதிர்மோதல் 2007 பிப்ரவரி 23, 26 ஆகிய நாள்களில் நடந்தது. இத்தகைய பரிசீலனை நடக்கும் விதத்தைச் சொன்னால்தான் வலையமைப்பின் பங்கு விளங்கும். அரசின் குழுவும் வல்லுநர்களும் இரண்டு அமர்வுகளில் நேருக்கு நேர் பேசுவார்கள். தன்னார்வ அமைப்புகள் அரசுடனான அந்த உரையாடலில் பேச முடியாது. அவர்களால் இயல்வது, முன்கூட்டியே நிழல் அறிக்கை அளிப்பதும், அமர்வுக்கு முன்போ உணவு இடைவேளையிலோ உறுப்பினர்களைச் சந்தித்து விளக்குவதும்தான். உறுப்பினர் கேட்கும் கேள்வியில் ஒரு மாவட்டத்தின் பெயரும் ஒரு வழக்கின் நிலையும் இடம்பெற்றால், அதன் பின்னால் யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்த ஒரு தாள் இருக்கும். 2007இல் நியூயார்க் பல்கலைக்கழக மனித உரிமை மையமும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பும் இணைந்து அளித்த நிழல் அறிக்கை நூறு பக்கங்களைத் தாண்டியது.

அரசின் குழுவில் அப்போதைய சொலிசிட்டர் ஜெனரல் கூலாம் வாகன்வதியும், சாதி இனமன்று என்று விளக்கச் சமூகவியலாளர் தீபாங்கர் குப்தாவும் இருந்தனர். அரசியலமைப்பு இனத்தையும் சாதியையும் தனித்தனியாகவே எண்ணுகிறது, ஆகவே அவை வேறு வேறு என்பது அரசின் வாதங்களுள் ஒன்று. வேறு வேறு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. 1965இல் சேர்க்கப்பட்டது 'இனம்' என்ற சொல்லும் அன்று. இதற்கு இரண்டு மாதம் முன்பு, 2006 டிசம்பர் 27 அன்று, பிரதமர் மன்மோகன் சிங் புதுதில்லி மாநாடொன்றில் தீண்டாமைக்கு ஒப்பானது தென்னாப்பிரிக்க இனவொதுக்கல் மட்டுமே என்று பேசியிருந்தார். தலைநகரில் பிரதமர் சொன்ன ஒப்புமையை ஜெனீவாவில் அவருடைய அரசே மறுக்கும் நிலை ஏற்பட்டது. குழு தன் 1996ஆம் ஆண்டுக் கருத்தை மீண்டும் உறுதி செய்தது. ஐரோப்பிய நாடாளுமன்றமும் அதே பிப்ரவரியின் முதல் நாளில் இந்திய தலித்துகளின் நிலை குறித்துத் தீர்மானம் இயற்றியிருந்தது.

2006 டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது. கம்பாலபள்ளி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோர் அனைவரையும் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகள் பிறழ்சாட்சிகளாக மாறியிருந்தனர். அதே 2006ஆம் ஆண்டில்தான் ரூத் மனோரமாவுக்கு ஸ்வீடன் நாட்டின் ரைட் லைவ்லிஹுட் விருது அறிவிக்கப்பட்டது. 2014இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அவ்விடுதலையை உறுதி செய்தது. ஏழு கொலைகளுக்குத் தண்டனை பெற்றவர் எவரும் இல்லை.

பன்னாட்டு நெறியின் எல்லையை இங்கே துல்லியமாகக் குறிக்கலாம். இனப் பாகுபாட்டு உடன்படிக்கையின் 14ஆம் உறுப்பின்படி, தனிநபர் முறையீட்டை ஏற்பதாக ஒரு நாடு அறிவித்தால் மட்டுமே அந்நாட்டுக் குடிமகன் குழுவை அணுக முடியும். இந்தியா அவ்வறிவிப்பைச் செய்யவில்லை. 22ஆம் உறுப்பின்படி சர்வதேச நீதிமன்றத்துக்குச் செல்லும் வழிக்கும் அது விலக்கு வைத்திருக்கிறது. எனவே எரிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு ஜெனீவாவில் மனு எழுதும் வழி கிடையாது. குழு ஒரு சொல்லின் பொருளை வரையறுக்கலாம். ஒரு காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையைத் திருத்த முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, சாட்சிகள் உரிமைக்கென ஒரு தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அதை ஜெனீவாவின் வெற்றியாக எழுதும் கட்டுரைகள் உண்டு. பல மாநில தலித் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் வழக்குகளைத் தொகுத்துப் புதுதில்லியில் போராடியதன் பயன் அது என்று கொள்வதே பொருத்தம். வெளியிலிருந்து வந்த அழுத்தம் அவர்களுக்கு ஒரு துணை. அதற்கு மேல் சொல்லச் சான்று போதாது.

அரசும் வாளாவிருக்கவில்லை. இவ்வகை நெருக்குதலுக்கு அது கண்ட மறுமொழி, வாதத்தை விட்டுவிட்டு வாயிலைக் கவனிப்பது. 2010இல் வரவேண்டிய அடுத்த அறிக்கை அவ்வாண்டில் குழுவுக்கு வந்துசேரவில்லை. அறிக்கை இல்லையெனில் அமர்வும் இல்லை, நிழல் அறிக்கைக்கு இடமும் இல்லை. மக்வான் நிறுவிய குஜராத் அமைப்பான நவசர்ஜனின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவு 2016 டிசம்பரில் இரத்து செய்யப்பட்டது. பன்னாட்டு தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு, ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் ஆலோசனைத் தகுதிக்காக அளித்த விண்ணப்பம் 2008 முதல் தன்னார்வ அமைப்புகளுக்கான குழுவில் தேங்கி நின்றது. ஒவ்வொரு கூட்டத்திலும் இந்தியப் பிரதிநிதி எழுத்தில் ஒரு கேள்வி கேட்பார், விடை வரும், அடுத்த கூட்டத்தில் மற்றொரு கேள்வி. ஏறத்தாழ நூறு கேள்விகள் இவ்வாறு கேட்கப்பட்டன. மறுப்பு என்று ஒருமுறையும் பதிவாகவில்லை, ஒத்திவைப்பு என்றே பதிவாயிற்று. 2022 டிசம்பரில் அவ்விண்ணப்பம் குழுவைக் கடந்து மன்றத்தின் முழு அவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது, தகுதி வழங்கப்பட்டது.